பேதி வந்த நாளில் நீர் மாத்திரை

(பக்ரீத் கழிந்த இரண்டாவது ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின் பாரூர் மதரஸா கூடத்தில் எங்கள் மருத்துவ உதவிக் குழு நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



வரும்போது வீட்டில் சாப்பிடுகிற மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று ஜும்ஆவில் அறிவித்திருந்தோம். பலர் கொண்டுவந்திருக்கிறீர்கள், ஜஸாகல்லாஹ். அட்டை கையில் இருந்தால்தான் இந்தப் பேச்சு விளங்கும். அதனால் பையைத் திறந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பேச வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்ததற்கு நம் மஹல்லாவில் நடந்த ஒரு சம்பவம்தான் காரணம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம். அந்தத் தெருவில் எல்லோரும் நானிமா என்று கூப்பிடுகிற பெரியவர் அவர். வயது 66. இரண்டு வருடமாக இருதயம் பலவீனம், காலில் வீக்கம். டாக்டர் கொடுத்த மாத்திரைகள் மூன்று. வீக்கம் வடிய ஒரு நீர் மாத்திரை, இருதயத்துக்கும் பிரஷருக்குமாக ராமிப்ரில், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். இவை போக, முழங்கால் வலி அதிகமான நாளில் கடையில் சொல்லி வாங்கும் ஒரு வலி மாத்திரை.

போன வருடம் பக்ரீத் முடிந்த மூன்றாம் நாள் அவருக்கு வயிறு கெட்டது. காலையிலிருந்து ஏழு தடவை தண்ணீராகப் போனது, இரண்டு தடவை வாந்தி. வீட்டில் பிள்ளைகள் பொறுப்பானவர்கள். என்ன ஆனாலும் மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நீர் மாத்திரை உட்பட எல்லாவற்றையும் நேரம் தவறாமல் கொடுத்தார்கள். தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் காப்பாற்றினார்கள். இரவில் கெண்டைக்காலில் பிடிப்பு வந்தது. பக்கத்து வீட்டுச் சகோதரி, 'நீர் மாத்திரை சாப்பிட்டால் பொட்டாசியம் குறைந்துவிடும், அதுதான் பிடிக்கிறது, இளநீர் கொடுங்கள்' என்றார். மறுநாள் மூன்று இளநீர், அதற்கு மறுநாள் மூன்று. உடம்பு வலிக்கு அந்த வலி மாத்திரையும் போனது.

மூன்றாம் நாள் மாலை அவரால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கால்கள் கல்லாக இருக்கின்றன என்றார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதை அப்போதுதான் மகள் கவனித்திருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது பிரஷர் 80க்கு 50. நாடித் துடிப்பு 44. உடனே 108 வண்டியில் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 7.1 இருந்தது. குறைந்திருக்கும் என்று நினைத்தது, ஆளைக் கொல்லும் அளவுக்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் நான்கு மாதம் முன்பு 1.0 இருந்தது, அன்று 3.4.

இது எப்படி நடந்தது? பிள்ளைகள் சொன்னபடி கேட்டார்கள். பக்கத்து வீட்டுச் சகோதரி சொன்னதும் முழுப் பொய்யல்ல. ஆனாலும் இப்படி ஆனது. ஏன் என்று விளங்கிக்கொள்ள, முதலில் இந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் வெளியே போவது ஒன்றரை இரண்டு லிட்டர்தான். மீதி அத்தனையையும் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அது உறிஞ்சுவது முதலில் உப்பை. உப்பு எங்கே போகிறதோ அங்கே தண்ணீரும் பின்னாலேயே போகும். நீர் மாத்திரை செய்வது ஒரே வேலை: உப்பு திரும்பி உள்ளே வருகிற வழியில் ஒரு கதவைச் சாத்திவிடுகிறது. உப்பு வெளியேறும், கூடவே தண்ணீரும் வெளியேறும். நீர் மாத்திரை என்று பெயர் வந்துவிட்டது, உண்மையில் அது உப்பு மாத்திரை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் படிக்கச் சொல்லுங்கள். ஃபுரோசமைடு, டார்சமைடு என்று இருந்தால் அது வேகமாக நீரை இறக்குகிற வகை. லேசிக்ஸ் என்று எல்லோருக்கும் தெரிந்த மாத்திரை ஃபுரோசமைடுதான். ஆறு மணி நேரம் வேலை செய்யும் என்பதால் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள். காலையில் சாப்பிடச் சொல்வதும் இதனால்தான், இல்லையென்றால் இரவெல்லாம் எழுந்து நடக்க வேண்டியிருக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று இருந்தால் அது மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்கிற வகை. குளோர்தாலிடோனின் வேலை இரண்டு மூன்று நாள்கூட நிற்கும்.

இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் ஒளிந்துகொண்டு வரும். 'எனக்கு நீர் மாத்திரை எல்லாம் கிடையாது, பிரஷர் மாத்திரை ஒன்றுதான்' என்பார்கள். அட்டையைத் திருப்பினால் டெல்மிசார்டன் 40, அதோடு ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என்று இருக்கும். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஹெச் என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அநேகமாக அது இதுதான். இங்கே வந்ததும் சிலருடைய பைகளைப் பார்த்தோம். தனக்கே தெரியாமல் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள்.

இந்த இரு வகைகளும் உப்போடு சேர்த்துப் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளும். பொட்டாசியம் என்பது தசையும் இருதயமும் ஒழுங்காகச் சுருங்கி விரியத் தேவையான ஒரு தாது. உடம்பில் இருக்கிற பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது, ரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் 3.5லிருந்து 5 வரை இருக்க வேண்டும். குறைந்தாலும் இருதயத் துடிப்பு கெடும், கூடினாலும் கெடும்.

பொட்டாசியம் குறைந்ததற்கும் நம்மிடம் ஒரு சம்பவம் உண்டு. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிற 48 வயதுச் சகோதரர் ஒருவர் குளோர்தாலிடோன் கலந்த பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தார். இரவு ஷிப்ட் முடிந்து படுத்தால் கால் பிடித்து இழுக்கும். பிடிப்பை விட அவரைப் பயமுறுத்தியது வேறு. இரண்டாம் மாடி ஏறுவதற்குள் தொடை துவண்டுபோனது, மலச்சிக்கல், நெஞ்சு படபடப்பு. ரத்தம் பார்த்ததில் பொட்டாசியம் 3.0. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், கொஞ்ச நாளைக்குப் பொட்டாசியம் திரவமும் கொடுத்தார். மூன்று வாரத்தில் 4.1 ஆனது, அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வீட்டுச் சகோதரி கேள்விப்பட்டிருந்தது இப்படிப்பட்ட கதையைத்தான்.

ஆனால் மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அதன் பெயர் ஸ்பைரோனோலாக்டோன். அதுவும் நீர் மாத்திரைதான். ஆனால் பொட்டாசியத்தை வெளியே விடாமல் உள்ளேயே பிடித்து வைக்கும். பலவீனமான இருதயத்துக்கு நல்ல மருந்து இது. 1999ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, கடுமையான இருதயப் பலவீனம் உள்ளவர்களின் ஆயுளை இது கூட்டுகிறது என்று காட்டியது. உலகம் முழுவதும் டாக்டர்கள் இதை எழுத ஆரம்பித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறகு கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ராமிப்ரில் போன்ற மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிற இருதய நோயாளிகளில், பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994ல் ஆயிரத்துக்கு 2.4 பேர். 2001ல் அது ஆயிரத்துக்கு 11 பேர் ஆகியிருந்தது, இறந்தவர்களும் கூடியிருந்தார்கள். மருந்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஆய்வில் அடிக்கடி ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள், வெளியே வந்ததும் அந்தக் கண்காணிப்பு தளர்ந்துவிட்டது.

நானிமாவின் நீர் மாத்திரை ஒரே அட்டையில் இரண்டு மருந்து கலந்தது. டார்சமைடு 10, ஸ்பைரோனோலாக்டோன் 50. ஒன்று பொட்டாசியத்தைத் தள்ளும், மற்றொன்று பிடிக்கும். சாதாரண நாளில் இரண்டும் தராசு போல நிற்கும். ராமிப்ரிலும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கிற மருந்துதான், ஆனால் சிறுநீரகம் நன்றாக ஓடுகிற வரை உபரி வெளியேறிவிடும்.

பேதி வந்த நாளில் அந்தத் தராசு சாய்ந்தது. குடல் வழியாக உப்பும் தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கின்றன. இருப்பதையாவது பிடித்துவைப்போம் என்று சிறுநீரகம் முயல்கிறது, நீர் மாத்திரையோ கதவைச் சாத்தி உப்பை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தின் அளவு குறைந்து பிரஷர் இறங்குகிறது. பிரஷர் இறங்கும்போது சிறுநீரகம் தன் வடிகட்டியின் வெளிவாசலை இறுக்கி, உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். ராமிப்ரில் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடும். உள்வாசலைத் திறந்து வைக்க உடம்பு ஒரு ரசாயனத்தைச் சுரக்கும், அதை வலி மாத்திரை தடுத்துவிடும். இப்படி மூன்று பக்கமும் வழியடைந்து சிறுநீரகம் நின்றுபோனது. சிறுநீர் நின்றால் பொட்டாசியம் வெளியே போக வழியில்லை. அந்த நேரத்தில் ஆறு இளநீர்! பேதிக்கு இளநீர் கொடுப்பது நம் ஊர் வழக்கம், ஆரோக்கியமானவருக்கு அதில் தவறில்லை. ஆனால் இளநீரில் உப்பு குறைவு, பொட்டாசியம் மிக அதிகம். அவர் இழந்தது கிடைக்கவில்லை, அவரிடம் ஏறிக்கொண்டிருந்தது மேலும் ஏறியது.

கிருஷ்ணகிரியில் இருதயத்தைக் காக்க முதலில் கால்சியம் ஊசி போட்டார்கள். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின், நெபுலைசர், சலைன். டயாலிசிஸ் வரை போகவில்லை. ஒன்றரை நாளில் பொட்டாசியம் 4.9க்கு இறங்கியது. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். கிரியாட்டினின் 1.3 ஆகியிருந்தது, முழுமையாகப் பழைய இடத்துக்கு வரவில்லை.

அவருக்குக் கால் பிடித்தது ஏன் என்று கேட்பீர்கள். உடம்பில் உப்பும் தண்ணீரும் வற்றினால் பிடிக்கும், அதற்குப் பொட்டாசியம் குறைய வேண்டியதில்லை. மெக்னீசியம் குறைந்தாலும் பிடிக்கும். வயதானாலே இரவில் பிடிக்கும், நாளெல்லாம் நின்று வேலை செய்தாலும் பிடிக்கும். பிடிப்பை வைத்துப் பொட்டாசியம் கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது, டாக்டராலும் முடியாது. அந்த நேரத்துக்கு முழங்காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்கிப் பிடித்தால் விட்டுவிடும். அடிக்கடி வந்தால் 'எலக்ட்ரோலைட்ஸ், கிரியாட்டினின்' என்று கேட்டு ரத்தம் பாருங்கள். நீர் மாத்திரை ஆரம்பித்த அல்லது அளவு மாற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தடவை, பிறகு மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை பார்ப்பது வழக்கம். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது கையைத் திரும்பத் திரும்ப மடக்கி விரித்தாலோ, எடுத்த ரத்தம் பல மணி நேரம் கிடந்து டவுனுக்குப் போனாலோ, பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். உடம்பு நன்றாக இருக்க, ரிப்போர்ட்டில் மட்டும் 6 என்று வந்தால், பதறாமல் அன்றே டாக்டரிடம் காட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, பேதியும் வாந்தியும் வந்த நாளில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தடவை இளக்கமாகப் போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். தண்ணீராக மூன்று நான்கு தடவை போய்விட்டது, அல்லது குடித்தது தங்காமல் வாந்தி வருகிறது, வழக்கமான சாப்பாடும் தண்ணீரும் உள்ளே போகவில்லை என்றால், அன்று அடுத்த வேளை நீர் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும். பேரின் கடைசியில் 'ப்ரில்' அல்லது 'சார்டன்' என்று வருகிற பிரஷர் மாத்திரைகளையும் அதோடு நிறுத்திவைக்க வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் எல்லாம் இதில் வரும். சர்க்கரை மாத்திரையில் மெட்ஃபார்மினும், பேரின் கடைசியில் 'ஃப்ளோசின்' என்று வருகிறவையும் நிற்க வேண்டும். வலி மாத்திரையைத் தொடவே கூடாது, காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும்.

நிறுத்தக்கூடாதவையும் உண்டு. இன்சுலின் போடுகிறவர் தானாக அதை நிறுத்தவே கூடாது, சர்க்கரையைப் பார்த்து அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும். நீண்ட நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து, அது வாந்தியில் போய்விட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிப்பு, தைராய்டு மாத்திரைகள், அடைப்புக்குத் தருகிற ஆஸ்பிரின், அட்டெனலால், மெட்டோப்ரோலால் எல்லாம் தொடர வேண்டும். பையில் எதை நிறுத்துவது எதைத் தொடர்வது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் நன்றாக இருக்கிற நாளிலேயே உங்கள் டாக்டரிடம், 'எனக்குப் பேதி வந்தால் இதில் எதை நிறுத்த வேண்டும்?' என்று கேட்டு, அந்த அட்டையின் மேலேயே பேனாவால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பகுதியில் 2013ல் இதற்கென்றே ஒரு சிறு அட்டை அச்சடித்து நோயாளிகள் கையில் கொடுத்தார்கள். இப்படி நிறுத்துவதால் எத்தனை பேர் காப்பாற்றப்படுகிறார்கள் என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இன்னும் வலுவாக இல்லை, அதனால் எல்லா டாக்டர்களும் ஒரே மாதிரி சொல்வதில்லை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அதையே கேளுங்கள். கேட்காமல் இருப்பதுதான் தவறு.

நிறுத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, மறுபடி ஆரம்பிக்க மறந்துவிடுவது. வயிறு சரியாகி, வழக்கம்போலச் சாப்பிட்டுக் குடித்து 24லிருந்து 48 மணி நேரம் ஆனதும் மாத்திரைகளைத் தொடங்கிவிட வேண்டும். பழைய அளவில்தான், விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போடக்கூடாது. நானிமாவைப் போல இருதயப் பலவீனம் உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்திய அன்றே டாக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். காலையில் சிறுநீர் கழித்தபின் தினமும் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், அல்லது படுத்தால் மூச்சு முட்டினால், நீர் மறுபடி சேர்கிறது என்று அர்த்தம்.

குடிப்பதற்கு எது? ஓ.ஆர்.எஸ். பொடிதான். 1971 போரின்போது வங்காள அகதிகள் வந்து குவிந்த பாங்கான் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோனது. கல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார், சாவு பெருமளவு குறைந்தது. இன்றைய பொட்டலமும் அதே வழிதான். ஒரு பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்குவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம், அது தப்பு. உப்பு அளவு மீறிவிடும், பேதியும் கூடும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, ஒவ்வொரு தடவை போனபின்னும் ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கடையில் டப்பாவில் விற்ற இனிப்புச் சாறுகள் இது ஆகாது. அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சர்க்கரை நோயாளியும் பொடியைக் குடிக்கலாம், ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ்தான்.

'உப்பு ஆகாது, தண்ணீர் அளவாக என்று டாக்டர் சொன்னாரே?' என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். நீர் மாத்திரை உப்பை வெளியேற்றத்தான் கொடுத்தது என்று முன்பே சொன்னோம். பேதியும் உப்பையே வெளியேற்றுகிறது. அந்த ஒன்றிரண்டு நாளைக்கு, போவதை ஈடுகட்டும் அளவுக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும், மோரும், ஓ.ஆர்.எஸ்.ஸும் தேவை. நோன்புக் கஞ்சி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை, கறியும் எண்ணெயும் இல்லாமல் இளசாக வைத்தால் போதும். ஓ.ஆர்.எஸ்.ஸிலும் கொஞ்சம் பொட்டாசியம் உண்டு, ஆனால் இளநீரை விட மிகக் குறைவு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர் மட்டும் எவ்வளவு குடிப்பது என்று கேட்டுக் குடிக்க வேண்டும். இன்னொன்று, கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று வருவதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்திருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிற வீட்டில் அது வேண்டாம்.

எழுந்து நின்றால் தலை சுற்றி விழப் பார்க்கிறார், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பேச்சு குழறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கைகால் துவளுகிறது, மலத்தில் ரத்தம் வருகிறது, குடித்தது எதுவும் தங்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். போகும்போது மாத்திரைப் பையும் கூடப் போகட்டும். நானிமாவின் மகள் பையைக் கொண்டுபோனதால்தான் ஸ்பைரோனோலாக்டோனை டாக்டர் உடனே கண்டுகொண்டார்.

மாத்திரை இப்போது நம் வாசலுக்கே வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாதாமாதம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவந்து, பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்தச் சகோதரி வருகிற நாளும் நமக்கு வயிறு கெடுகிற நாளும் ஒன்றாக இருக்காது. அவர் வந்தபோது நன்றாக இருந்ததை வைத்துக் கொடுத்த மாத்திரை அது. வயிறு கெட்டு எழுந்த பிறகு அவர் வரும்போது, இன்ன நாள் இப்படி இருந்தேன், இத்தனை நாள் நிறுத்தினேன் என்று சொல்லுங்கள். ரத்தம் பார்க்க வேண்டுமா என்று அவர் கேட்டுச் சொல்வார்.

கடைசியாக, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது: 'என் மாமியார் நீர் மாத்திரை சாப்பிடுகிறார். ரமலானில் என்ன செய்வது? நோன்பில் பேதி வந்தால்?' ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். பலருக்குக் காலை மாத்திரையை இஃப்தாருக்குப் பின் மாற்றிக் கொடுப்பார்கள். பிறை தெரிந்த இரவில் நாமே மாற்றிக்கொள்வது கூடாது. இருதயம் மிகவும் பலவீனமானவரை நோன்பு வேண்டாம் என்றும் சொல்லலாம். நோன்பு வைத்த நாளில் பேதி பிடித்தால், மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு மஃரிப் வரை தாங்கிக்கொள்வோம் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, விட்டதை வேறு நாட்களில் நிறைவேற்றலாம். பக்கத்தில் அமர்ந்திருக்கிற இமாம் அவர்களும் ஆம் என்று தலையசைக்கிறார்கள். மருமகளே, அந்த நேரம் ஒரு லிட்டர் கரைத்து முதல் டம்ளரை நீங்களே கையில் கொடுத்துவிடுங்கள்.